520, 521, 1314: சீன அரட்டையில் எண்ணால் சொல்லப்படும் காதலைப் படிக்கவும் பதில் எழுதவும் ஒரு வழிகாட்டி

சீன நண்பரிடமிருந்து வெறும் 520 என்று ஒரு செய்தி வருகிறது. பேருந்து எண்ணா, அறை எண்ணா, தர வேண்டிய பாக்கியா என்று யோசிக்கிறீர்கள். அகராதியில் தேடினால் ‘ஐந்நூற்று இருபது’ என்றுதான் வரும். இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியல்களை மனப்பாடம் செய்தும் பயனில்லை, ஏனென்றால் பட்டியலில் இல்லாத எண் வந்த அன்றே மாட்டிக்கொள்வீர்கள். எண்ணை ஒலியாகக் கேட்கப் பழகுவதுதான் வழி. பத்து இலக்கங்களின் உச்சரிப்பும் ஐந்தாறு காதல் சொற்களும் தெரிந்தால் இதற்குப் போதும்.

1. இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படியுங்கள்

மாண்டரின் சீனத்தில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏறக்குறைய இப்படி ஒலிக்கும்: 0 லிங், 1 யீ, 2 அழ், 3 ஸான், 4 ஸு, 5 வூ, 6 லியோ, 7 ச்சீ, 8 பா, 9 ஜியோ. இரண்டு இலக்கங்களுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. 2-இன் கடைசி ஒலிக்கு நாக்கு பின்னால் மடங்கும். ஆங்கில எழுத்து வழியாகப் படிப்பவர்கள் இதை ‘எர்’ என்பார்கள். நம் ழகரம் அதைவிட மிக நெருக்கம். 4-இன் உயிர், ‘காசு’ என்று சொல்லும்போது இதழ் குவியாமல் வருகிறதே, அந்தக் கடைசி உகரத்தைப் போன்றது.

இப்போது 520-ஐ ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்: வூ அழ் லிங். அடுத்து, ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதற்கான சீன வாக்கியத்தைச் சொல்லுங்கள்: வோ ஆய் நீ. திரையில் அது 我爱你 என்று தெரியும். வோ என்றால் நான், ஆய் என்றால் காதல், நீ என்றால் நீதான். இந்தக் கடைசிச் சொல் தமிழோடு ஒத்துப்போவது தற்செயல். ஆனாலும் தமிழருக்கு இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் சீனச் சொல் வேறு இருக்காது.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, எண்ணை முழுத்தொகையாகப் படிப்பது. ‘ஐந்நூற்று இருபது’ என்பதற்குச் சீனத்தில் வூ பாய் அழ் ஷு என்று வேறு ஒலி வந்துவிடும், அதில் காதல் கேட்காது. தொலைபேசி எண்ணைப் போல ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால்தான் குறியீடு வேலை செய்யும்.

2. ஒலி எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்

வூ அழ் லிங், வோ ஆய் நீ இரண்டும் ஒன்றுபோலவா இருக்கின்றன என்று சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். முதல் இரண்டு இலக்கங்களில் உயிரொலி கொஞ்சம் விலகினாலும் ராகம், அதாவது குரல் ஏறி இறங்கும் தொனி, அப்படியே பொருந்துகிறது. 5-உம் ‘நான்’ என்ற சொல்லும் தாழ்ந்து எழும் மூன்றாம் தொனி. 2-உம் ‘காதல்’ என்ற சொல்லும் சட்டென்று இறங்கும் நான்காம் தொனி. சீனக் காதுக்குத் தொனி பொருந்தினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இடிப்பது கடைசி இலக்கத்தில். லிங் மேலேறும் இரண்டாம் தொனி, நீ மூன்றாம் தொனி. மெய்யெழுத்தும் வேறு. ஆனால் சிச்சுவான், ஹூனான், ஹூபெய், நான்ஜிங் போன்ற பல பகுதிகளின் பேச்சில் லகரமும் நகரமும் கலந்துவிடும். ‘நீ’ என்பதை ‘லீ’ என்பவர்களும் உண்டு, ‘லிங்’ என்பதை ‘நிங்’ என்பவர்களும் உண்டு. அந்த வாயில் 520 இயல்பாகவே காதல் வாக்கியமாகிவிடுகிறது. பெய்ஜிங் உச்சரிப்பைப் பாடநூலில் படித்துவிட்டு வருபவருக்குத்தான் இது ஒட்டாததுபோலத் தெரியும்.

521 என்ற வடிவமும் இதே பொருளில் வரும். யீ என்பதற்கும் நீ என்பதற்கும் உயிரொலி ஒன்றே, ஆகவே உயிரைப் பொறுத்தவரை 521 இன்னும் நெருக்கம். கூடவே அதற்கு வேறொரு பொருளும் ஏறியிருக்கிறது: வோ யுவான் யீ, அதாவது ‘எனக்குச் சம்மதம்’. திரையில் 我愿意. ஐந்தாம் மாதம் இருபதாம் நாளான மே 20 அன்று ஒருவர் 520 என்று கேட்க, மற்றவர் மறுநாள் 521 என்று ஒப்புக்கொள்வதாக ஒரு வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே 521 வந்தால், அதற்கு முன் நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று பாருங்கள். உங்கள் 520-க்குப் பதிலாக வந்திருந்தால் அது சம்மதம். தானாக வந்திருந்தால் அது காதல் சொல்வது.

தொனி பொருந்துவதில் எல்லாவற்றையும் விடச் சிறந்தது 1314. யீ ஸான் யீ ஸு என்பது ‘யீ ஷெங் யீ ஷு’ (一生一世), அதாவது ‘ஒரு வாழ்நாள் முழுக்க’ என்பதைக் குறிக்கும். 3-உம் ‘வாழ்வு’ என்ற சொல்லும் சமமாக நீளும் முதல் தொனி. 4-உம் ‘உலகம், வாழ்நாள்’ என்ற சொல்லும் நான்காம் தொனி. தென்சீனாவிலும் தைவானிலும் பலர் நாக்கை மடிக்காமல் ‘ஷ’வை ‘ஸ’ ஆக்கிவிடுவதால் அங்கே 4-க்கும் ‘வாழ்நாளுக்கும்’ வித்தியாசமே இருக்காது. கான்டனீஸ் பேசுவோருக்கும் 1314 நன்றாகப் பொருந்தும். எண் அங்கே யாத் ஸாம் யாத் ஸெய், சொல் யாத் ஸாங் யாத் ஸாய். மாறாக 520 கான்டனீஸில் ‘ங் யீ லிங்’ ஆகிவிடும், ‘ங்கோ ஓய் நெய்’ என்ற காதல் வாக்கியத்திலிருந்து அது வெகுதூரம். கோலாலம்பூரிலோ ஹாங்காங்கிலோ கான்டனீஸ் வீட்டு நண்பர் 520 அனுப்பினாலும், அதை அவர் மாண்டரினில்தான் படிக்கிறார்.

3. இது எங்கிருந்து வந்தது என்பதில் தேவையான அளவு மட்டும்

மூலம் பேஜர். 1980-களிலும் 90-களிலும் சீனாவிலும் தைவானிலும் இடுப்பில் மாட்டிய மலிவான பேஜர்களின் திரையில் எண் மட்டுமே தெரியும். சீன எழுத்து காட்டும் கருவிக்கு விலை அதிகம். அழைப்பவர் திரும்பக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணை விடுவதற்காக இருந்த அந்த இடத்தில், காதலர்கள் ஒலி ஒத்த எண்களை விட்டார்கள். சீன மொழியில் ஒவ்வோர் இலக்கமும் ஒரே அசை, ஒவ்வோர் எழுத்தும் ஒரே அசை. அதனால்தான் இலக்கத்துக்கு ஓர் எழுத்து என்று நேருக்கு நேர் வைக்க முடிந்தது. தமிழில் ‘ஐந்து இரண்டு’ என்று சொன்னாலே ஐந்து அசை ஆகிவிடும், இந்த வித்தை நம் மொழியில் எடுபடாததற்கு அதுவே காரணம்.

பேஜர் போன பிறகு கைபேசிக் குறுஞ்செய்தியிலும் 1999-இல் வந்த கியூகியூ அரட்டையிலும் அதே எண்கள் தொடர்ந்தன. எழுத்தைத் தேர்ந்தெடுத்து அடிப்பதைவிட மூன்று இலக்கம் அடிப்பது வேகம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதை எண்ணாக அனுப்புவதும் எளிது.

நம் ஊர்க் கல்லூரிகளில் ஓடிய 143-ஐ இதோடு குழப்ப வேண்டாம். அது ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை எழுத்து என்று எண்ணுவது. சீன நண்பருக்கு 143 அனுப்பினால் யீ ஸு ஸான் என்று படித்துவிட்டு விழிப்பார்.

4. நீளமான எண்ணை உடைத்துப் படியுங்கள்

நீண்ட எண் வந்தால் முதலில் 520, 20, 1314 ஆகிய மூன்றையும் அதற்குள் தேடுங்கள். பெரும்பாலானவை இவற்றைக் கோத்துக் கட்டியவை.

```
5201314    520 + 1314
201314     20 + 1314
3344520    3344 + 520
9420       94 + 20
```

முதலாவது ‘வாழ்நாள் முழுக்க உன்னைக் காதலிப்பேன்’. இரண்டாவதில் ‘நான்’ இல்லை, ஆய் நீ மட்டும், பொருள் அதேதான். மூன்றாவதில் 3344 என்பது ஷெங் ஷெங் ஷு ஷு, பிறவி பிறவியாக என்று பொருள். நான்காவதில் 94 என்பது ஜியோ ஷு, அழுத்தம் தரும் சொல்: ‘உன்னைத்தான் காதலிக்கிறேன்’.

இவற்றில் அடங்காத ஒன்றைப் படித்துப் பார்ப்போம். 04551 என்று வந்தால் லிங் ஸு வூ வூ யீ. 0 வழக்கம்போல ‘நீ’. 4 இங்கே ஷு, ‘ஆவாய்’. முதல் 5 வோ, ‘நான், என்’. இரண்டாம் 5-ஐயும் ‘நான்’ என்று படித்தால் வாக்கியம் உடைந்துவிடும். அதற்கு அடுத்து 1 இருப்பதைப் பாருங்கள். ‘வெய் யீ’ என்றால் ‘ஒரே ஒருவர்’. ஆக, ‘எனக்கு நீ ஒருவரே’. ஒரே இலக்கம் ஒரே செய்தியில் இரண்டு சொல்லாக வரலாம் என்பதை இது காட்டுகிறது. இடத்தைப் பார்த்துத்தான் பொருளைப் பிடிக்க வேண்டும்.

1-க்கும் இரண்டு வாசிப்பு உண்டு. தொலைபேசி எண், அறை எண் சொல்லும்போது 7-இன் ஒலியோடு குழம்பாமல் இருக்க, சீனப் பெருநிலத்தில் 1-ஐ ‘யாவ்’ என்பார்கள். ‘வேண்டும்’ என்ற சொல்லும் யாவ்தான். அதனால் 51 என்பது ‘எனக்கு வேண்டும்’ ஆகலாம். 1314-இல் மட்டும் எப்போதும் யீ.

எந்த வாசிப்பிலும் பொருள் வராவிட்டால் அது ஒலிக் குறியீடே அல்லாமல் இருக்கலாம். 233 என்றால் சிரிப்பு. அது ஒரு பழைய இணைய மன்றத்தின் சிரிப்புப் படத்துக்கு இருந்த வரிசை எண், ஒலியில் தேடினால் கிடைக்காது.

5. அனுப்பும் நாளும் நேரமும்

மே 20 காதலர் நாளாகவே ஆகிவிட்டது. கடைகள், உணவகங்கள், பூக்கடைகள் எல்லாம் அன்று 520 தள்ளுபடி என்று எழுதிவைக்கும். அந்த நாளில் ஒரு நிறுவனமோ மேலாளரோ குழுவில் 520 என்று போட்டால் அது காதல் அல்ல, பண்டிகை வாழ்த்து. தாய்க்கும் மகளுக்கும் இடையிலும் வரும். தனி அரட்டையில், மற்ற நாளில், முன்பின் பேச்சில்லாமல் வந்தால் அப்போது அதற்கு எடை வேறு.

நேரத்தில் பார்ப்பவர்கள் 13:14-க்கு அனுப்புவார்கள், அல்லது மாலை 5:20-க்கு. இரண்டும் பெய்ஜிங் நேரம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் இரண்டரை மணி நேரம் கழிக்க வேண்டும். 13:14 நமக்குக் காலை 10:44, மாலை 5:20 நமக்குப் பிற்பகல் 2:50. மே 20 பிறக்கும் நொடியில் அனுப்ப விரும்பினால், நம் கடிகாரத்தில் மே 19 இரவு 9:30. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் இல்லை.

தேதியே குறியீடாக வருவதும் உண்டு. 2013 ஜனவரி 4-ஐ ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் 201314. அன்று சீனாவின் திருமணப் பதிவு அலுவலகங்களில் வரிசை நின்றது. மே 20-க்கும் ஆண்டுதோறும் அதே நெரிசல்தான். அந்த நாளில் பதிவு செய்ய நினைக்கும் இணைக்கு: 2025 மே 10 முதல் குடும்பப் பதிவேட்டுப் புத்தகம் தேவையில்லை, நாட்டின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் செய்யலாம், கட்டணம் 2017 ஏப்ரல் 1-இலிருந்தே இல்லை. இருவரில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டோடு, மணமாகாதவர் என்று தாய்நாட்டில் பெற்று உரிய முறையில் சான்றுறுதி செய்த ஆவணமும் வேண்டும். நாளைப் பிடிப்பதைவிட அந்தத் தாளைப் பிடிப்பதுதான் கடினம், முதலில் அதைத் தொடங்குங்கள். வெளிநாட்டவர் பதிவுக்கென்று குறிப்பிட்ட அலுவலகங்கள் இருப்பதால் முன்பதிவுக்கு முன் அதையும் விசாரியுங்கள்.

தைவானில் ஒரு வேறுபாடு. அங்கே செய்தித் தலைப்பில் 520 என்று வந்தால் பெரும்பாலும் அதிபர் பதவியேற்பு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மே 20 அன்று அது நடக்கும், 2024-இலும் நடந்தது. அரசியல் பேசும் நண்பரின் 520-ஐக் காதலாகப் படித்துவிட வேண்டாம்.

6. பணமாக அனுப்பும்போது

குறியீடு இன்று அதிகம் பயணிப்பது வீசாட் செயலியின் சிவப்பு உறையில். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இது அங்பாவ். தொகையே செய்தி: 5.20 யுவான், 13.14 யுவான், 52 யுவான், 131.4 யுவான். பெரிய தொகை என்பதற்காகத்தான் அனுப்ப வேண்டும் என்று இல்லை, 5.20-உம் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறது.

அங்பாவ் ஒன்றுக்கு உச்சவரம்பு 200 யுவான். 520 யுவானை உறையில் போட முயன்றால் செயலி மறுக்கும். 2016-இல் மே 20-ஐ ஒட்டி இருவருக்கிடையேயான உறைக்கு மட்டும் வரம்பு 520 ஆக உயர்த்தப்பட்டது, அதன்பிறகும் அந்த நாளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். மற்ற நாள்களில் 520-ஓ 1314-ஓ அனுப்பப் பணப் பரிமாற்றம் என்ற வழியைப் பயன்படுத்த வேண்டும், திரையில் 转账. இரண்டு வழியிலும் பெறுபவர் தொட்டு ஏற்க வேண்டும், 24 மணி நேரத்தில் ஏற்காவிட்டால் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அப்படித் திரும்புவது பல நேரம் பதில்தான், ஆனால் தூங்கிவிட்டார் என்பதும் இருக்கலாம்.

அனுப்பும் வசதிக்கு உங்கள் பெயரில் சரிபார்க்கப்பட்ட கணக்கும் சீன வங்கி அட்டையும் தேவை. வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டையைச் செயலியில் இணைத்துக் கடையில் பணம் செலுத்தலாம், தனிநபருக்கு அங்பாவ் அனுப்ப அது உதவாது. படிக்கவோ வேலைக்கோ சீனா சென்றவர்கள் மே மாதத்துக்கு முன்பே கடவுச்சீட்டைக் கொண்டு வங்கிக் கணக்கு திறந்துவையுங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் வங்கியில் எழுதிய பெயரும் இடைவெளி உட்பட ஒன்றாக இருக்கட்டும். நம்மவர்களின் தந்தைபெயர், முதலெழுத்து எல்லாம் சிக்கல் தருவது இங்கேதான். இந்தியாவில் 2020 ஜூன் மாதத்திலிருந்து வீசாட் தடை செய்யப்பட்டிருக்கிறது, அங்கிருந்து வேறு செயலியில் எண்ணை மட்டும் அனுப்பலாம்.

இதில் சட்டப் பொறியும் ஒன்று உண்டு. உறவு முறிந்தபின் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்குகளில், 520, 1314 போன்ற தொகைகளைச் சீன நீதிமன்றங்கள் பெரும்பாலும் அன்பளிப்பாகவே எடுத்துக்கொள்கின்றன. கடன் என்று வாதாடுவது கடினம். ஆகவே காதலருக்கு உண்மையிலேயே கடன் கொடுக்கிறீர்கள் என்றால் 500 அல்லது 1300 என்று முழுத்தொகையாக அனுப்பி, குறிப்பில் 借款 (கடன்) என்று எழுதுங்கள். அதற்குமுன் நடந்த உரையாடலையும் அழிக்காதீர்கள், பின்னால் உதவும் ஆவணம் அதுதான்.

7. விரல் தவறினால்

250 என்பது சீனத்தில் ‘மடையன்’ என்ற வசவு, அதுவும் முழுத்தொகையாகப் படிக்கும் வசவு. 520 அடிக்கப்போய் இலக்கம் மாறினால் காதல் போய் வசை வந்துவிடும். பணத்தில் இது நடந்தால் இன்னும் மோசம், திரும்ப எடுக்க முடியாது. 502 என்று அடித்தால் அது ஒரு பசையின் பெயர், சிரித்துவிட்டு விடுவார்கள். 748 என்பதை இதன் குடும்பம் என்று நினைத்து அனுப்பிவிடாதீர்கள். ச்சீ ஸு பா, ‘செத்துப் போ’. 4 தனியாக வரும்போது ‘சாவு’ என்ற ஒலிதான் முதலில் கேட்கும், 1314-க்குள் இருக்கும்போதுதான் அது ‘வாழ்நாள்’ ஆகிறது. அதனால் 1314-ஐ இரண்டு செய்தியாக உடைத்து அனுப்ப வேண்டாம்.

530-உம் 520-உம் ஓர் இலக்க வித்தியாசம்தான். முன்னது வோ ஷியாங் நீ, ‘உன் நினைவாக இருக்கிறேன்’. உறவு இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்றால் 530 போதுமானது, அதிலிருந்து பின்வாங்குவதும் எளிது.

உங்களுக்கு விருப்பமில்லாத ஒருவரிடமிருந்து 520 யுவான் பரிமாற்றம் வந்தால், ஏற்கும் பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டால் ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும். பரிமாற்றத் திரையிலேயே 退还 என்று ஒரு தெரிவு இருக்கும், அதைத் தொட்டால் பணம் உடனே திரும்பிவிடும். அங்பாவாக வந்திருந்தால், அதைத் திறக்காமல் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். திருப்பியனுப்பிய பிறகு 谢谢 (நன்றி) என்று எழுத்தில் எழுதுங்கள், எண்ணில் எதுவும் எழுத வேண்டாம்.